மஞ்சள் ஆர்கன்சா, மெரூன் உள்பாவாடை

ஜவுளிக் கடை விளம்பரங்களிலும் வாரப் பத்திரிகை ஓவியங்களிலும் இப்போது ஆர்கன்சா சேலை நிறைய வருகிறது. ஓவியர் சேலையின் ஓரத்தை அழகாக வளைத்திருப்பார், சரிகையை மினுக்கியிருப்பார், முகம் உயிரோடு இருக்கும். ஆனாலும் ஏதோ இடிக்கும். உடம்பின் மேல் துணி கிடப்பதாகத் தோன்றாது. படத்தின் அந்தப் பகுதிக்கு மட்டும் மஞ்சள் சாயம் பூசியதைப் போலத் தோன்றும். உள்ளே இருக்கும் ரவிக்கையும் உள்பாவாடையும் தெரியத்தான் செய்கின்றன. ஆனால் துணி வழியாகத் தெரிவதாக இல்லை.

பெரும்பாலும் இதற்கு ஒரே காரணம்தான். ஓவியர் அந்தத் துணியை வண்ணக் கண்ணாடியாக எண்ணிக்கொள்கிறார். மெல்லிய துணி உண்மையில் சல்லடையைப் போன்றது. பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, நடுநடுவே வெறும் துளைகள் இருக்கின்றன. நூல் உள்ள இடத்தில் நூலின் நிறம் தெரியும், துளை உள்ள இடத்தில் உள்ளே இருப்பது தெரியும். இரண்டும் மிகப் பொடியாக இருப்பதால் கண் அவற்றைக் கலந்து ஒரே நிறமாகப் பார்க்கிறது. வண்ணக் கண்ணாடி, தன் வழியே வரும் ஒளியைக் குறைக்க மட்டுமே செய்யும். அடர் மெரூன் மேல் மஞ்சள் கண்ணாடியை வைத்தால் மெரூன் இன்னும் இருண்டுபோகும். அதே மெரூன் மேல் இளமஞ்சள் ஆர்கன்சாவை வைத்தால் மெரூன் வெளிறுகிறது, ஏனென்றால் வெளிச்சம் பட்ட மஞ்சள் நூல்கள் அதன் மேல் நிற்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டால், மற்றதை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் துணி துணியாகாது.

ஒரு படத்தையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். மாநிறப் பெண், அடர் மெரூன் ரவிக்கை, அதே நிறத்தில் சாட்டின் உள்பாவாடை, மேலே இளமஞ்சள் ஆர்கன்சா சேலை. வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வருகிறது. ஊடகம் நீர்வண்ணமும் கோவாஷும். தாள் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள்.

முதலில் கணக்கு. வெண்மைக்கு ஒன்று, கருமைக்குப் பத்து என்று ஓவியர்கள் வைத்திருக்கும் படிகளில் இந்தப் பெண்ணின் தோல் சுமார் 5, மெரூன் 9, வெளிச்சம் பட்ட மஞ்சள் நூல் 2. துணியின் பரப்பில் பத்தில் நான்கு பங்கு நூல், ஆறு பங்கு துளை என்று வைத்துக்கொள்வோம். துணிக்குத் துணி இது மாறும் என்றாலும் கணக்குப் போட இது போதும். அப்படியானால் ஒற்றை அடுக்குக்குக் கீழே தோல் 5-லிருந்து ஏறக்குறைய 4-க்கு வெளிறும். மெரூன் 9-லிருந்து 6-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். தோலுக்கும் ரவிக்கைக்கும் நான்கு படி வித்தியாசம் இருந்தது; முந்தானைக்குக் கீழே அது இரண்டரைக்கும் குறைந்துவிட்டது. இருட்டான பக்கம் இருட்டாகவே இருக்கிறது, வெளிச்சமான பக்கம் வெளிச்சமாகவே இருக்கிறது, இடைவெளி மட்டும் சுருங்கிவிட்டது.

கண் நம்புவது இந்தச் சுருக்கத்தைத்தான். ஒளிபுகும் தோற்றம் எப்படி உண்டாகிறது என்பதை இத்தாலிய உளவியலாளர் ஃபாபியோ மெட்டெல்லி விரிவாக ஆராய்ந்து, 1974-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார். முந்தானையின் ஓரம் ரவிக்கைக் கையின் ஓரத்தைக் குறுக்கே வெட்டும் புள்ளியைப் பாருங்கள். அங்கே நான்கு நிறங்கள் சந்திக்கின்றன: வெறும் தோல், வெறும் ரவிக்கை, முந்தானைக்குள் தோல், முந்தானைக்குள் ரவிக்கை. ரவிக்கையின் ஓரக் கோடு முந்தானைக்குள் முறியாமல் தொடர வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு நிறங்களின் வித்தியாசம் வெளியே இருக்கும் வித்தியாசத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எது இருட்டு எது வெளிச்சம் என்ற வரிசை மாறக் கூடாது. இவை சரியாக அமைந்தால் மூளை தானாகவே ‘மேலே ஒரு மெல்லிய துணி’ என்று தீர்த்துவிடும். ஒன்று பிசகினாலும் நான்கு நிறத் துண்டுகளை ஒட்டிவைத்தது போலாகிவிடும்.

ஒளிபுகும் தோற்றத்துக்கு ஒளிபுகும் வண்ணம் தேவையே இல்லை என்பதும் இதிலிருந்து புரியும். ஓவியரும் ஆசிரியருமான ஜோசஃப் ஆல்பர்ஸ் தம் மாணவர்களிடம் வண்ணக் காகிதங்களைக் கொடுத்து, ஒன்றன் வழியாக மற்றொன்று தெரிவது போல அமைக்கச் சொல்வார். காகிதங்கள் எதுவும் ஒளிபுகாதவை. இரண்டு நிறங்களுக்கு நடுவே மூன்றாவதாக எந்த நிறத்தை வைப்பது என்று சரியாகத் தேர்ந்துவிட்டால் போதும். இந்தப் பயிற்சி 1963-இல் வெளிவந்த அவரது ‘வண்ணங்களின் ஊடாட்டம்’ நூலிலும் இடம்பெற்றது.

நம் மஞ்சள் சேலைக்கும் இந்த வழியே பத்திரமானது. மெரூன் பூசிக் காயவைத்து, அதன் மேல் மஞ்சள் நீர்வண்ணத்தை மெல்லியதாக ஓட்டலாம் என்று முதலில் தோன்றும். அதில் இரண்டு தொல்லைகள். நீர்த்த மஞ்சள் கண்ணாடியைப் போல வேலை செய்யுமே தவிர நூலைப் போல வேலை செய்யாது. மெரூன் வெளிறவே வெளிறாது. அதோடு ஈரத் தூரிகை பட்டதும் அடியில் உள்ள மெரூன் கரைந்து மேலே வந்து மஞ்சளைச் செம்மண் நிறமாக்கிவிடும். ஆகவே நிறங்களைத் தட்டிலேயே கலந்துகொள்வது நல்லது. ‘ஒற்றை அடுக்குக்குள் தோல்’, ‘ஒற்றை அடுக்குக்குள் மெரூன்’, ‘இரட்டை அடுக்குக்குள் மெரூன்’ என்று தனித்தனிக் கிண்ணங்களில், கொஞ்சம் வெள்ளை கோவாஷும் சேர்த்துக் கலந்து, தாளில் அந்தந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். நூலின் பளபளப்பையும் மடிப்பின் கீற்றையும் மட்டும் எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு மேலே போட்டால் போதும்.

அடுத்தது அடுக்குகள். சேலை வரைபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சேலையில் ஒற்றை அடுக்காக இருக்கும் இடம் மிகக் குறைவு. வழக்கமான கட்டில் வலது இடுப்பில் செருகிய துணி முதலில் உடம்பை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. பிறகு முன்னால் கொசுவம் வருகிறது. கொசுவத்திலிருந்து துணி இடது இடுப்பு வழியாகப் பின்பக்கம் போய், வலக் கைக்குக் கீழே வந்து, மார்பைக் கடந்து இடது தோளுக்கு ஏறுகிறது. இடுப்புக்குக் கீழே, பக்கங்களிலும் பின்னாலும் எப்போதும் இரண்டு அடுக்கு இருக்கும். கொசுவத்தில் ஒவ்வொரு மடிப்பும் இரண்டு அடுக்கைச் சேர்க்கும். ஐந்தாறு மடிப்பு என்றால் இடுப்புக்கு அருகே பத்துக்கும் மேல். ஒற்றையாகத் தொங்குவது விரித்துவிட்ட முந்தானை மட்டுமே. முந்தானையையும் மடித்துப் பின் குத்தியிருந்தால் அதுவும் பல அடுக்காகிவிடும்.

இதே கணக்கைத் தொடர்ந்தால் மெரூனின் பயணம் தெரிகிறது. வெறும் மெரூன் 9. ஒரு அடுக்குக்குள் 6-ஐத் தாண்டிக் கொஞ்சம். இரண்டு அடுக்குக்குள் நாலரை. மூன்று அடுக்குக்குள் மூன்றரை. கொசுவத்தின் நெருக்கத்தில் கிட்டத்தட்ட 2, அதாவது மஞ்சள் மட்டும்தான். முதல் அடுக்கு செய்யும் மாற்றமே பெரிது. அடுத்தடுத்த அடுக்குகள் செய்வது வரவரச் சிறிது. ஓவியத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே அளவு வெளிறவைப்பவர்கள் மூன்றாவது அடுக்கிலேயே துணியை வெள்ளைச் சுண்ணாம்பாக்கிவிடுவது இதனால்தான்.

கொசுவம் கீழே போகப்போக விசிறியாக விரிகிறது. மேலே திரண்டிருந்த அடுக்குகள் கீழே பிரியும்போது, மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் ஒரு பட்டையாகவும் பிரிந்த இடம் ஒரு பட்டையாகவும் மாறி மாறி வரும். ஏறிய பட்டையில் மஞ்சள் கனத்திருக்கும், பிரிந்த பட்டையில் மெரூன் எட்டிப்பார்க்கும். இடுப்பில் ஏறக்குறைய மஞ்சளாகத் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே மெரூன் கீற்றுகளாகப் பிரியும் இந்த மாற்றத்தை வரைந்துவிட்டால், அது ஆர்கன்சா சேலைதான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

துணி பார்ப்பவரை நோக்கி நேராக இருக்கிறதா, விலகித் திரும்பியிருக்கிறதா என்பதும் நிறத்தை மாற்றும். சல்லடையை நேராகப் பிடித்தால் துளைகள் திறந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால் கம்பிகள் ஒன்றையொன்று மறைத்துத் துளைகள் மூடிக்கொள்ளும். இடுப்பின் வளைவில் துணி பக்கவாட்டில் திரும்பி மறையும் விளிம்பிலும், ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் இதுதான் நடக்கிறது. அங்கெல்லாம் மெரூன் குறைந்து மஞ்சள் அடர்கிறது. ஆகவே உடம்பின் எல்லைக்கோடு நெடுகிலும் துணியின் சொந்த நிறம் ஒரு மெல்லிய கரையாக ஓடும். இடுப்பு நெடுக ஒரே அளவு ஒளிபுகவிட்ட படங்கள் பிளாஸ்டிக் உறையைப் போலத் தெரிவது இந்தக் கரையை விட்டுவிடுவதால்தான்.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் உள்ள ‘முக்காடிட்ட ரெபேக்கா’ சிலையைப் பார்த்தவர்களுக்கு இது நினைவுக்கு வரலாம். இத்தாலியச் சிற்பி ஜொவான்னி மரியா பென்சோனி செதுக்கிய அந்தச் சிலையில் ஒளிபுகும் பொருள் எதுவுமே இல்லை, அத்தனையும் பளிங்கு. ஆனால் மூக்கும் உதடும் துணியை முட்டும் இடம் வழவழப்பாகவும், துணி விலகி விழும் இடத்தில் மடிப்பு எழும்பியும் இருப்பதால், கல்லுக்குள் ஒரு முகம் தெரிவதாகக் கண் ஏற்றுக்கொள்கிறது. ஒட்டும் இடமும் விலகும் இடமும் சரியாக அமைந்தால் நிறத்தின் உதவி இல்லாமலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஷிஃபானும் ஆர்கன்சாவும் பிரிவதும் இங்கேதான். ஷிஃபானுக்கு நூலை மிகையாக முறுக்குகிறார்கள். அந்த முறுக்கால் நூல் சுருண்டு, துணி மங்கலாக, குழைந்து விழும். அது உள்ளே இருப்பதை ஒட்டிக்கொண்டு இறங்கும், மடிப்புகள் சன்னமாக, உருண்டு, நெருக்கமாக வரும், மினுக்கு இருக்காது. பட்டு ஆர்கன்சாவில் பட்டின் இயற்கைப் பசையை முழுதாக நீக்காமல் விடுவதால் துணி விறைப்பாக நிற்கும். செயற்கை நூலில் நெய்யும் ஆர்கன்சாவும் அதே விறைப்போடுதான் வருகிறது. மடித்த இடத்தில் கூரான முனை விழும், மடிப்புக்கும் உடம்புக்கும் நடுவே காற்று புகுந்திருக்கும், முனைகளில் பளிச்சென்று ஒளி ஓடும்.

அந்தக் காற்று இடைவெளியைக் காட்ட ஒரு நுட்பம் உண்டு. மேலே உள்ள மஞ்சள் மடிப்பு, உள்ளே இருக்கும் மெரூன் சாட்டின் மேல் தன் நிழலைப் போடுகிறது. துணி ஒட்டியிருந்தால் மடிப்பும் நிழலும் ஒரே இடத்தில் விழும். துணி விலகியிருந்தால், வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வருவதால், நிழல் மடிப்புக்கு வலப்பக்கம் சற்றுத் தள்ளி மங்கலாக விழும். கூரான மஞ்சள் கோடு ஒன்று, பக்கத்தில் துணிக்குள்ளே மென்மையான கருமெரூன் பட்டை ஒன்று. இந்த இரட்டைத் தடம் அகல அகல, ஆர்கன்சா உடம்பை விட்டு விலகி நிற்கிறது என்று பொருள். ஷிஃபான் வரையும்போது இதைப் போடவே கூடாது.

வெளிச்சம் துணியை இரண்டு முறை கடக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. உள்பாவாடையை அடைய ஒரு முறை, அங்கிருந்து பார்ப்பவரின் கண்ணுக்குத் திரும்ப இன்னொரு முறை. அதனால் துணிக்குக் கீழுள்ள மெரூனை, மேலே போட்ட கணக்கு சொல்வதைவிட அரைப்படி இருட்டாக வைத்தால் பொருந்தும். சாட்டினின் சொந்த மினுக்கும் துணிக்குள்ளே அப்படியே வெள்ளையாக ஒளிரக் கூடாது. மஞ்சள் ஏறி, மங்கி, ஓரம் கரைந்து தெரிய வேண்டும். உள்ளே வெள்ளைக் கீற்று ஒன்றை மிச்சம் வைத்துவிட்டால், அந்த ஓர் இடத்தில் சேலை கிழிந்திருப்பது போலத் தோன்றும்.

ஐரோப்பிய ஓவியத்தில் இதையெல்லாம் ஒரே படத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் ரோஜியர் வான் டெர் வெய்டன் ஏறக்குறைய 1460-இல் தீட்டிய ‘ஒரு பெண்ணின் உருவப்படம்’ ஓவியத்தைத் தேடிப் பார்க்கலாம். வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. தலையிலிருந்து தோள் வரை மெல்லிய வெண்துகில். கரும் பின்னணியின் மேல் அந்த வெண்மை சாம்பல் நிறமாகிறது. தோலின் மேல் கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. மடித்த இடங்களில் வெண்மை கூடுகிறது. ஒரே துகில், அடியில் இருப்பதைப் பொறுத்து வேறு வேறு நிறம். முகலாய ஓவியர்களும் இதை அறிந்திருந்தார்கள். ஜஹாங்கீர் காலத்து உருவப்படங்களில் மஸ்லின் ஜாமாவுக்குள் வண்ணப் பைஜாமா தெரியும் இடங்களைப் பார்த்தால், கால்களின் வடிவத்தைச் சொல்ல அவர்கள் எவ்வளவு குறைந்த வெள்ளையைப் பயன்படுத்தினார்கள் என்பது புரியும்.

மீண்டும் நம் மஞ்சள் சேலைக்கு. படத்தின் கீழ்ப்பகுதியில் பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. உள்பாவாடை சேலையின் ஓரத்துக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். தைக்காத ஆர்கன்சாவாக இருந்தால் அந்த மெரூன் விளிம்பு ஒரு தெளிவான கோடாகத் தெரியும், அதற்குக் கீழே தரையின் நிறமும் காலின் நிறமும் மஞ்சளுக்குள் தெரியும். சேலைக்கு வழக்கமான ஃபால்ஸ் அடித்திருந்தால் கதை வேறு. உட்பக்கம் வைத்துத் தைத்த அந்த நாலைந்து அங்குலத் துண்டு ஒளிபுகாதது; அது இருக்கும் இடத்தில் உள்பாவாடையின் விளிம்பு மறைந்து, சேலையின் அடிப்பகுதி ஒரு கனத்த பட்டையாகிவிடும். சரிகை நெருங்கிய அகலக் கரையும் இதையே செய்யும். அதனால் மாதிரிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே அந்தப் பகுதியை வரையத் தொடங்க வேண்டும்.

எத்தனை அடுக்குக்கு எவ்வளவு நிறம் என்பதை மனத்தால் ஊகிக்கவே தேவையில்லை. துணிக்கடையில் கால் மீட்டர் ஆர்கன்சா வாங்கி, பாதி வெள்ளையும் பாதி கருப்புமாக உள்ள ஓர் அட்டையின் மேல் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மடித்து, பக்கத்திலேயே அந்த எட்டு நிறங்களையும் கலந்து பூசிவைத்தால் அதுவே அந்தத் துணிக்கான அளவுகோல். வெளிச்சத்தை மாற்றியும் பார்க்க வேண்டும். விளக்கு முன்னால் இருந்தால் நூல்கள் ஒளிர்ந்து துணி கனத்துத் தெரியும். விளக்கு பின்னால் போனால் அதே துணி இல்லாதது போலாகிவிடும். பகலில் தெருவிலிருந்து பார்த்தால் வலைத் திரைக்குப் பின்னே உள்ள அறை தெரியாது. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் தெரியும். முந்தானை சன்னலுக்கு எதிரே பறக்கும் காட்சியை வரைகிறவர்கள், முன்வெளிச்சத்தில் எடுத்த அளவுகோலைத் தூக்கி வைத்துவிட்டு வேறொன்று செய்துகொள்ள வேண்டும்.

கணினித் திரையில் வரைகிறவர்களுக்கும் இதே விதிதான். மஞ்சள் துணிக்குத் தனி அடுக்கு எடுத்து, அதைப் பலர் Multiply முறையில் வைக்கிறார்கள். அந்த முறை கண்ணாடியைப் போல இருட்டாக்க மட்டுமே செய்யும். மெரூன் மேல் மஞ்சளே தெரியாது. Normal முறையில் வைத்து Opacity அளவை 40% ஆக்கினால், நூலும் துளையும் கலக்கும் அதே கணக்கை மென்பொருள் தானாகப் போடும். துணி இரட்டையாகும் இடத்தில் அதே அடுக்கின் இன்னொரு பிரதியை அதன் மேல் வைத்தால் 64% மறைப்பு கிடைக்கிறது. மடிப்பின் முதுகிலும் உடம்பின் ஓரத்திலும் அந்த அளவைக் கையால் கூட்ட வேண்டும். மடிப்பு மெரூன் மேல் போடும் நிழலை மட்டும், துணியின் அடுக்குக்குக் கீழே, உள்பாவாடையின் அடுக்குக்கு மேலே, தனியாக Multiply முறையில் வைத்துக்கொள்ளலாம்.